ஈட்டி என்று வாங்கினேன், தேக்கில் ஏமாந்தேன்

போன வருஷம் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் கைவைத்த நாற்காலி ஒன்று வாங்கினேன். சாய்மானத்தில் தாமரைக்கொடிச் செதுக்கல், பிரம்பு பின்னிய இருக்கை. “அசல் ஈட்டி மரம் சார், தொண்ணூறு வருஷம் ஆச்சு. பெரிய வீட்டுச் சாமான்” என்றார் கடைக்காரர். 42,000 ரூபாய். கடைப்பெயர் வேண்டாம். நான் எங்கே ஏமாந்தேன் என்பதைச் சொன்னால் போதும்.

நானும் சும்மா வாங்கிவிடவில்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பஞ்சு ஊதா கலந்த பழுப்பாகிவிட்டது. “பாருங்க, ஈட்டிச் சாயம் இறங்குது” என்றார் அவர். அந்த இடத்தில்தான் விழுந்தேன். ஈட்டி மரத்தை ஸ்பிரிட்டால் தேய்த்தால் நிறம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் மேலே பூசிய சாயமும் அதே மாதிரி இறங்கும். பாலிஷ் ஏறிய பரப்பில் செய்கிற இந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது.

இரண்டே மாதத்தில் பிரம்பு ஒரு மூலையில் அறுந்தது. பின்னுவதற்கு வந்த ஆசாரி பழைய பின்னலைப் பிரித்துவிட்டு நாற்காலியைக் கவிழ்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “தம்பி, இதை என்னன்னு சொல்லி வாங்குனீங்க?” என்றார்.

பின்காலின் அடியில், வெளியே தெரியாத இடத்தில், உளியால் நகக்கண் அளவு சீவினார். மேலே கருஞ்சிவப்பு, உள்ளே தேன் நிறம். சீவலை முகர்ந்து பார்க்கச் சொன்னார். தோல் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி எண்ணெய் கலந்த வாசனை, அதாவது தேக்கு. ஈட்டியாக இருந்தால் உள்ளேயும் ஊதாப் பழுப்பில் கறுப்பு வரி ஓடியிருக்கும்; சீவும்போது லேசான இனிப்பு வாசனை வரும்.

அப்புறம் காலின் வெட்டுமுகத்தைச் சுரண்டி, எச்சில் தொட்டுத் தடவிக் காட்டினார். ஊசி குத்தினது போன்ற துளைகள் வளையம் வளையமாக வரிசை கட்டி நின்றன. தேக்கில் அப்படித்தான் இருக்குமாம். ஈட்டியில் துளைகள் வரிசையில் நிற்காது, அங்கங்கே சிதறிக் கிடக்கும். நிறத்தை மாற்றலாம், இதை மாற்ற முடியாது. எடையும் காட்டிக் கொடுத்திருக்கும்: தேக்கில் பத்து கிலோ வருகிற நாற்காலி ஈட்டியில் பதிமூன்று கிலோவை நெருங்கும். கடையில் நான் அதைத் தூக்கியே பார்க்கவில்லை. காலடியில் உட்கார்ந்து சுரண்ட எந்தக் கடைக்காரர் விடுவார் என்று கேட்பீர்கள். விடாவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

சரி, மரம்தான் மாறிவிட்டது, வயதாவது உண்மையா? கைப்பிடி நுனிகள் மழுங்கி வழவழப்பாக இருந்ததைப் பார்த்துத்தான் நான் மயங்கியிருந்தேன். ஆசாரி சாய்மானத்தின் பின்பக்க விளிம்பைக் காட்டினார். அதுவும் அதே அளவு மழுங்கியிருந்தது. சுவரைப் பார்த்து நிற்கிற பக்கத்தை யார் தடவியிருப்பார்கள்? தரையில் இழுபட்டுத் தேய்ந்திருக்க வேண்டிய பின்கால் விளிம்போ கூராகவே இருந்தது. சாய்த்துப் பிடித்தால் உப்புத்தாள் கீறல்கள் ரேகைக்குக் குறுக்கே ஓடுவது தெரிந்தது. கையும் துணியும் பட்டுத் தேய்ந்த மரத்தில் இப்படி ஒரே திசைக் கீறல் இருக்காது.

தாமரை இதழ்களின் பள்ளத்தில் இருந்த கறுப்பைப் பல்குச்சியால் நெம்பினேன். மெழுகு மாதிரி இழுபட்டு வந்தது, பூட் பாலிஷ் வாசனையோடு. வருஷக்கணக்கான அழுக்கு காய்ந்து இறுகியிருக்கும், குத்தினால் பொடியாக உதிரும். புழுத்துளைகளில் கம்பியை விட்டுப் பார்த்தோம். எல்லாம் ஒரே அகலம், ஒரே ஆழம், நேர்க்குத்து. டிரில் போட்டிருக்கிறார்கள். புழு நேராகப் போகாது. போதாக்குறைக்கு, தேக்கின் வைரத்தைப் புழு லேசில் தொடாது. துளைத்தால் ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் துளைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை, மரம் நிஜமாகவே பழசு. இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம் ஒரு பழைய சதுரத் துளையைச் சக்கை வைத்து அடைத்திருந்தார்கள். பக்கத்தில் இரும்பு ஆணி விட்டுப்போன கறுப்புக் கறை ஒன்று. அதைப் புதுச் செதுக்கல் பாதியாக வெட்டிக்கொண்டு போயிருந்தது. இடித்த வீட்டின் கதவு நிலையாக இருக்கும் என்றார் ஆசாரி. அந்தப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்கு நிலைகளுக்கா பஞ்சம். தொண்ணூறு வருஷம் மரத்துக்கு; நாற்காலிக்கு இரண்டு வருஷம் இருந்தால் அதிகம். பதினைந்தாயிரத்துக்கு மேல் தகாது என்று கணக்குப் போட்டார்.

கடைக்குப் போன் செய்தேன். “ஈட்டி மாதிரின்னுதான் சார் சொன்னேன்” என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘பழைய மர நாற்காலி - 1’ என்று மட்டும் இருந்தது. மரத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி நான் கேட்கவே இல்லை.