கடைப் பையன்களுக்கு ஒரே கணக்கில் சிம் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எடுங்கள்

11,650 ரூபாய் போய்விட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் மளிகைக் கடை. பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர் பக்கம் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஐந்து பையன்கள். அவர்களுக்குக் கடை சிம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சொந்த எண்ணில் பேசிப் பழகிய பையன் வேலையை விட்டுப் போனால் வாடிக்கையாளரும் அவனோடு போய்விடுவார். கடை எண் என்றால் அது கடையிலேயே இருக்கும். என் பழைய கடை எண்ணையும் சேர்த்து ஆறு இணைப்பு, ஒரே பில், எல்லாருக்கும் பொதுவாக டேட்டா. இதுதான் நான் கேட்டது.

தொலைபேசி நிறுவனத்தின் உரிமம் பெற்ற விற்பனைக் கடையிலிருந்து ஒருவன் வந்தான். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "நமக்கும் திசையன்விளைதான் அண்ணாச்சி" என்றான். அப்புறம் என்ன, ஊர்க்காரன் ஆகிவிட்டான். ஆறு சிம்முக்கும் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் என்றான். ஜி.எஸ்.டி. சான்று, என் ஆதார், பையன்களின் ஆதார் எல்லாம் வாங்கிக்கொண்டான். கடையில் கூட்டம், ஒருவர் உளுந்து கேட்கிறார், இன்னொருவர் சில்லறை கேட்கிறார். அந்த நேரம் பார்த்து, "மின்னஞ்சல், தொடர்பு எண் எல்லாம் நானே நிரப்பிவிடுகிறேன், நீங்கள் வியாபாரத்தைப் பாருங்கள் அண்ணாச்சி" என்றான். சிம்முக்கு 1,500 வீதம் வைப்புத்தொகை 9,000 ரூபாயைத் தன் சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னான். ரசீது நிறுவனத்திலிருந்து தானாக வருமாம்.

ரசீதும் வரவில்லை, பில்லும் வரவில்லை. கேட்டால், "முதல் பில் தாமதமாகத்தான் வரும்" என்றான்.

மாதத் தொடக்கத்துச் சனிக்கிழமை மாலை ஆறு எண்ணிலும் வெளியே பேச முடியவில்லை, டேட்டாவும் இல்லை. ஒரு பையன் 25 கிலோ அரிசி மூட்டையோடு கே.டி.சி. நகரில் வீடு தெரியாமல் நின்று, யாரோ ஒருவரிடம் போன் வாங்கிக் கூப்பிட்டான். ஒரே கணக்கு என்றால் இதுதான் சங்கதி: பில் ஒன்று, பாக்கி ஒன்று, நின்றால் எல்லாம் சேர்ந்து நிற்கும். தனித்தனி பிரீபெய்டாக இருந்திருந்தால் ஒன்று போனாலும் ஐந்து ஓடியிருக்கும்.

வாடிக்கையாளர் சேவையில் சொன்ன பதிலைக் கேளுங்கள். "கணக்கின் அங்கீகாரம் பெற்ற நபர் நீங்கள் அல்ல. பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள்." விண்ணப்பத்தில் அவன் தன் மின்னஞ்சலையும் தன் எண்ணையும் போட்டுக்கொண்டிருக்கிறான். பில்லும் ஓடிபியும் அவனுக்கே போயிருக்கின்றன. என் கடைக் கணக்கில் நான் யாரோ!

வண்ணார்பேட்டையில் இருக்கும் அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி வெளியே போயிருக்கிறாராம். மறுபடி போனால், அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டானாம், 9,000 ரூபாய்க்கும் கடைக்கும் சம்பந்தம் இல்லையாம். கெஞ்சி பில் நகலை வாங்கிப் பார்த்தேன். பொது டேட்டா என்பதே அதில் இல்லை. ஆறும் தனித்தனித் திட்டம், ஒவ்வொன்றும் 399 ரூபாய். ஆறுக்கு 2,394, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக மாதம் 2,825. இரண்டு மாதத்துக்கு 5,650 கட்டித்தான் இணைப்பைத் திறந்தேன். சொன்ன 3,000 போக அதிகம் 2,650. வைப்புத்தொகை 9,000. மொத்தம் 11,650 ரூபாய். தாமதக் கட்டணத்தையும் அந்தச் சனிக்கிழமை போன வியாபாரத்தையும் இதில் சேர்க்கவில்லை.

வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்றால், 1900-க்கு PORT என்று போட்டு, இடைவெளி விட்டு எண்ணையும் சேர்த்துச் செய்தி அனுப்பியும் மாறுவதற்கான குறியீடு கிடைக்கவில்லை. இப்போதைய நிறுவனத்தில் இணைப்பு ஓடத் தொடங்கி 90 நாள் ஆகியிருக்க வேண்டும், பில் பாக்கி இருக்கக் கூடாது. நிறுவனக் கணக்கு எண் என்றால் அங்கீகாரக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது? இப்போது அதற்குத்தான் அலைகிறேன்.

எப்படிச் சிம் எடுக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கடையில் ஆள் நிற்கிறது. விண்ணப்பத்தில் மின்னஞ்சல், தொடர்பு எண், அங்கீகாரம் பெற்ற நபர் என்ற மூன்று இடங்களையும் நீங்களே நிரப்புங்கள். அந்தத் தொடர்பு எண் அதே கணக்கில் இல்லாத எண்ணாக இருக்கட்டும். பணத்தை நிறுவனத்தின் செயலியிலோ பில்லிலோ மட்டும் கட்டுங்கள், ஆள் எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். டேட்டா பொதுவா தனியா என்பதைத் திட்டத்தின் பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். வாடிக்கையாளர் அறிந்த பழைய கடை எண்ணை எடுத்த எடுப்பில் இதில் சேர்க்காதீர்கள். ஆதார் கொடுத்த பையன்களை sancharsaathi.gov.in தளத்தில் தங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். புகார் செய்தால் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். மேல்முறையீட்டுக்கு அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.