அரக்குக் காப்பும் மண்ணுக்குள் கிடந்த சிமிழும்: திராவகம், உரைகல், மின்னணுக் கருவி எது பாதுகாப்பானது?

கிளிநொச்சியில் நகைப்பட்டறை வைத்திருக்கும் எனக்கு, மண்ணுக்குள் இருந்து எடுத்த நகைகள் புதியவை அல்ல. 2009இல் இடம்பெயர்ந்தபோது தகர டப்பாவில் போட்டுப் புதைத்துவிட்டுப் போனவற்றை, மீளக்குடியமர்ந்த பின்னர் தோண்டி எடுத்தவர்கள் இன்றும் வருகிறார்கள். சென்ற வருடம் புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், தன் பேத்தியாரின் திருகாணிக் காப்பு ஒரு சோடியையும் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழையும் மேசையில் வைத்தார். விற்பதற்கு அல்ல, இரண்டு மகள்மாருக்குப் பங்கிடுவதற்காகத் தரம் தெரிந்தால் போதும் என்றார். “தம்பி, சுரண்டாமல் சொல்ல ஏலுமோ?” என்று அவர் கேட்டதற்குக் காரணம் ஒரு காப்பின் மேல் இருந்தது. வேறு ஊரில் ஒரு கடையில் அதன் விளிம்பை அரத்தால் கீறி, கீறலில் நேரே திராவகம் விட்டுப் பார்த்திருந்தார்கள். கீறலை அடுத்த பொருத்துக்கோடு நெடுகப் பச்சைக்கறை படிந்திருந்தது.

அந்தக் கறையிலிருந்துதான் இந்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும். காப்பு கெட்டியானது அல்ல. மெல்லிய தங்கத் தகட்டைக் குழாயாக வளைத்து, பற்றாசு வைத்துப் பொருத்தி, உள்ளே அரக்கும் செங்கல் தூளும் கலந்து நிரப்பிய பழைய வேலை. நைத்திரிக் அமிலம் தங்கத்தைத் தொடாது, ஆனால் அதனுடன் கலந்த செம்பையும் வெள்ளியையும் கரைக்கும். பற்றாசு எப்போதும் உடலைவிடத் தரம் குறைந்த, செம்பு மிகுந்த கலவை என்பதால், அமிலம் முதலில் அரிப்பது அதைத்தான், பச்சை நிறமும் அங்கிருந்து வந்ததே. கெட்டியான மோதிரமாக இருந்தால் சோடாக் கரைசலில் முக்கி அமிலத்தை முறித்துவிடலாம், ஆனால் அரக்கு காரக் கரைசலில் இளகிக் கரையக்கூடியது. ஆகவே அரக்கு நிரப்பிய நகையின் பொருத்துக்குள் ஒருமுறை புகுந்த அமிலத்தை முழுமையாக வெளியேற்ற வழியில்லை, அது பல மாதங்களுக்கு உள்ளிருந்தே வேலை செய்யும். கல் பதித்த பழைய அட்டியலில் கல்லுக்குப் பின்னால் இருக்கும் மினுக்குத் தாளுக்கும் இதே கதிதான். நகையின் மேல் நேரே திராவகம் விடும் முறையை, பழைய நகையைப் பொறுத்தவரை, நான் சோதனை என்றே எண்ணுவதில்லை.

உரைகல்லும் அதே திராவகத்தைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் திராவகம் படுவது கல்லில், நகையில் அல்ல. கருங்கல்லில் நகையை இழுத்து விரல்நுனி நீளத்துக்கு ஒரு கோடு இட்டு, அதன் பக்கத்தில் தரம் தெரிந்த 22, 20, 18 கரட் ஆணிகளின் கோடுகளையும் இட வேண்டும். பின்னர் கண்ணாடிக் குச்சியால் எல்லாக் கோடுகளுக்கும் குறுக்காக ஒரே வீச்சில் திராவகத்தை இழுத்து, எது முதலில் மங்குகிறது, எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உயர்ந்த தரத்துக்கு நைத்திரிக் அமிலம் மட்டும் போதாது, சிறிதளவு ஐதரோக்குளோரிக் அமிலமும் சேர்ந்திருக்க வேண்டும். பழகிய கை ஏறக்குறைய அரைக் கரட் அளவுக்குச் சரியாகச் சொல்லும். இழக்கும் தங்கம் ஒரு மில்லிகிராமை எட்டாது, ஆனாலும் உரைத்த இடத்தில் ஒரு மழுங்கல் விழும், செதுக்கு வேலையின் மேல் விழுந்தால் அது என்றைக்கும் திரும்பாது.

கல்லில் இடும் முதற்கோட்டை நான் நம்புவதில்லை. அந்தக் காலத்துப் பத்தர்மார் வேலை முடிந்ததும் நகையைச் சூடாக்கிப் புளிக்கரைசலில் இடுவார்கள், சூட்டில் மேலே வந்த செம்பின் கருமை அதில் கரைந்துபோக, தங்கம் மிகுந்த ஒரு மெல்லிய தோல் எஞ்சும். முதற்கோடு அந்தத் தோலைத்தான் எழுதும். அதே இடத்தை மறுபடி உரைத்து இடும் இரண்டாவது, மூன்றாவது கோடுகளே உள்ளிருக்கும் உலோகத்தைச் சொல்லும்.

மின்னணுக் கருவி என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால் குழப்பம் வருகிறது. பேனா வடிவக் கருவி ஒரு துளி மின்பகு திரவத்தின் ஊடாக மின்னழுத்தத்தை அளக்கிறது, மேற்பரப்பு சுத்தமாக இருந்தால்தான் சரியாகக் காட்டும் என்பதால், பாவிப்பவர்கள் முதலில் தேய்த்து மினுக்குவார்கள், பழைய பொருளுக்கு அந்தத் தேய்ப்பே சேதம். மின்கடத்துதிறனை அளக்கும் கருவி தட்டையான, கெட்டியான நாணயத்துக்கும் கட்டிக்கும் உரியது. தாலிக்கொடியில் கோத்த பவுண் காசைப் பார்க்க அது உதவலாம், அரக்குக் காப்பில் அது காட்டும் இலக்கத்துக்குப் பொருளில்லை.

எஞ்சுவது எக்ஸ்ரே இயந்திரம். அது எதையும் தொடாது, கறை விடாது, ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு உலோகத்தின் பங்கையும் இலக்கமாகத் தரும். ஆனால் தங்கத்தில் அது காண்பது ஏறக்குறைய 10 மைக்ரோன் ஆழம் மட்டுமே, தடித்த முலாமையும் புளியில் வெளுத்த தோலையும் அது உள்ளுடலாகவே எண்ணிவிடும்.

அந்த அம்மாவையும் காப்புகளையும் கூட்டிக்கொண்டு, இயந்திரம் வைத்திருக்கும் ஒரு கடைக்கு வவுனியா போனேன். காப்பின் வெளிமுகம் 91.3 வீதம் காட்டியது, பொருத்துக்கோட்டின் மேல் 86, திருகாணியில் 83. மூன்றும் சரியான இலக்கங்கள், மூன்றும் வெவ்வேறு உலோகங்களைப் பற்றியவை. திருகாணி தேயாமல் இருக்கவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே தரம் குறைந்த தங்கத்தில் செய்வது வழக்கம். மறைவான இடம் என்பதற்காகத் திருகாணியை மட்டும் உரைத்து முழுக் காப்பின் தரத்தைச் சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். பட்டறைக்குத் திரும்பியதும், அவரின் சம்மதத்துடன், காப்பின் உட்புறத்தில் ஏற்கெனவே கையில் உராய்ந்து தேய்ந்திருந்த இடத்தை மட்டும் கல்லில் மும்முறை இழுத்தேன். மூன்றாவது கோடு 22 கரட் ஆணியைவிடச் சற்று முந்தி மங்கியது, 20 கரட் ஆணியைவிட நன்றாகப் பிந்தியது. 21 கரட்டுக்கு மேல், 22க்குக் கீழ் என்று எழுதிக் கொடுத்தேன். இவை தரத்தைத்தான் சொல்லும், தராசில் நிற்கும் பாரத்தில் எவ்வளவு அரக்கு என்பதை எந்த முறையும் சொல்லாது.

சிமிழின் கதை வேறு. வெள்ளிக்கு வழக்கமான சோதனைத் திரவம் நைத்திரிக் அமிலத்தில் கரைத்த பொற்றாசியம் இருகுரோமேற்று, நல்ல வெள்ளியில் இரத்தச் சிவப்பாக மாறும், தரம் குறையக் குறையக் கபிலமும் பச்சையும் கலக்கும். அது கறை விடும், கைக்கும் மூச்சுக்கும் நஞ்சு. சிமிழின் மேலிருந்த மெழுகு போன்ற சாம்பல் படை, உப்பு மண்ணில் வெள்ளி குளோரைட்டாக மாறிய பகுதி. அதைத் துடைத்தால் கூடவே செதுக்கிய பூக்கொடியும் போய்விடும், ஆகவே திரவம் விடும் பேச்சே இல்லை. இயந்திரம் உடலில் 97 வீதம் வெள்ளி என்றது. அடிவளையத்தில், தரையில் வைத்து வைத்துத் தேய்ந்து பளிச்சென்றிருந்த புள்ளியில் 89 என்றது. மண்ணின் ஈரம் மேற்பரப்புச் செம்பைக் கரைத்து எடுத்துவிட்டதால் 97 வந்திருக்கிறது, 89தான் பத்தர் உருக்கிய வெள்ளிக்கு அண்மையானது. தேய்ந்த புள்ளியோ பழைய உடைவோ ஏற்கெனவே இருக்கும் பொருளில் புதிதாக ஒரு கீறலும் தேவையில்லை, இயந்திரத்தை அந்த இடத்தில் வைத்தாலே போதும்.

கீறப்பட்ட காப்பை மட்டும் நான் திருத்தவில்லை. திருத்துவதென்றால் பற்றாசு உருகும் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் அரக்கு புகைந்து தகட்டை வீங்க வைக்கும். பஞ்சில் வடிநீர் தொட்டு வெளிக்கறையை ஒற்றி எடுத்து, காற்றாட உலரவிட்டு, மற்றக் காப்போடு உரசாமல் தனித்துணியில் சுற்றிக் கொடுத்தேன், பச்சை மறுபடி பூத்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.