காகிதமா, உலோகமா, துணியா?

காபித்தூள் 15 கிராம், வெந்நீர் 250 மில்லி. வடிகட்டியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

தெளிவு: காகிதத்தில் கடைசி மடக்கு வரை வண்டல் இருக்காது. உலோக வலையில் நுண்தூள் இறங்கி அடியில் தங்கும்.

எண்ணெய்: காகிதம் பிடித்துக்கொள்ளும். கெட்ட கொழுப்பை உயர்த்தும் கஃபெஸ்டால் என்ற காபிப் பொருளும் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். உலோகம் இரண்டையும் விட்டுவிடும்.

கனம்: உலோகத்தில் அதிகம், பால் ஊற்றினாலும் காபி அமுங்காது.

துணி இரண்டுக்கும் நடுவில். வண்டல் குறைவு, நாக்கில் வழவழப்பு உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் பராமரிப்பு வேண்டும். சோப்பு போடாமல் அலசி, தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காயவிட்டால் தங்கிய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், அது அடுத்த காபியிலும் ஏறும். கொதிக்கவைத்தும் போகவில்லையா? துணியை மாற்றிவிடுங்கள்.

கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்குக் காகிதம், பால் காபிக்கு உலோகம், பாலில்லாமல் ரசித்துக் குடிப்பவர்களுக்குத் துணி.