காயில் மட்டுமா, முழு காண்டாக்டரா: உறுமும் ஸ்டார்ட்டருக்கு எதை மாற்றுவது?

கோவை கணபதி பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை. ஐந்து எச்பி மோட்டார், அதற்கு ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டர். பச்சைப் பொத்தானை அழுத்தினால், காயில் கரண்டில் காந்தமாகி மோட்டாருக்கு சப்ளையை இணைக்கும் ஸ்விட்சான காண்டாக்டர் இழுக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து 'ர்ர்ர்' என்று ஓயாத உறுமல். பட்டறைக்காரர் கையில் புதுக் காயிலோடு நின்றுகொண்டிருந்தார். "இதையும் மாத்திக் குடுத்துருங்கண்ணா. ரெண்டு மாசத்துல மூணாவதுங்க."

மூன்றாவது என்றதுமே எனக்குக் காயில் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. காயில் முழுதாகக் கருகி கம்பி அறுந்துவிட்டால் காண்டாக்டர் சத்தமே போடாது, செத்துக் கிடக்கும். சத்தம் வருகிறது என்றால் காயில் இன்னும் வேலை செய்கிறது, வேறு ஏதோ அதைப் படுத்துகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன காயிலும் உறுமும்தான். ஆனால் அதில் சூடும் வார்னிஷ் கருகும் வாடையும் சேர்ந்தே வரும், ரொம்ப நாள் தாங்காது.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். 'டகடகடக' என்று விட்டு விட்டு அடித்தால் காயிலுக்கு வரும் மின்சாரத்தைப் பாருங்கள். இழுத்துப் பிடித்தபடியே ஒரே சீராக உறுமினால் காந்தத்தைப் பாருங்கள்.

டகடக வகையில் எதை மாற்றினாலும் காசுதான் வீண். காண்டாக்டர் தன் காயில் வோல்டேஜில் 85 சதவீதம் இருந்தால் ஒழுங்காக இழுக்க வேண்டும் என்பது தரநிலை. 415 வோல்ட் காயிலுக்கு அது சுமார் 353. மோட்டார் கிளம்பும் நொடியில் காயிலின் ஏ1, ஏ2 முனைகளில் மீட்டர் வைத்தால் அதற்குக் கீழே இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். லைனில் வோல்டேஜ் சரியாக இருந்து காயிலில் மட்டும் குறைந்தால், சிவப்புப் பொத்தான், மோட்டார் அதிக கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயின் காண்டாக்ட், ஏதோ ஒரு லூஸ் திருகு, இவற்றில் ஒன்றுதான். ஒரு கிரில் பட்டறையில் கம்ப்ரசர் ஸ்டார்ட்டர் இப்படி அடித்தது. காரணம் பிரஷர் ஸ்விட்சின் கருகிய முனை. காயிலைத் தொடவே இல்லை.

லேத் பட்டறையில் மீட்டர் 408 காட்டியது, அதுவும் ஆடாமல். ஆகக் காந்தம்தான். இங்கே நம் முன்னால் இருப்பது மூன்று வழி: துடைத்துவிட்டு அதையே ஓட்டுவது, காயில் மட்டும் மாற்றுவது, மொத்த காண்டாக்டரையும் மாற்றுவது.

துடைப்பதற்குச் செலவில்லை, அதனால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸைப் பிடுங்கி, மூன்று பேஸிலும் காயில் முனைகளிலும் சப்ளை இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் கை. காந்தத்தின் இரண்டு பாதிகளும் முகத்தோடு முகம் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் இரும்புத் தூளோ துருவோ மெல்லிய படலமாக இருந்தாலும் போதும், இடைவெளி விழுந்துவிடும். அந்த இடைவெளிதான் காயிலைக் கொல்கிறது. சிறிய காண்டாக்டர் ஒன்று இழுக்கும்போது சுமார் 70 விஏ எடுக்கும்; காந்தம் மூடியதும் 8 விஏ அளவுக்கு இறங்கிவிடும். மூடாமல் பாதியில் நின்றால் கரண்ட் அந்த அளவுக்கு இறங்காது. சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால், பல மடங்கு கரண்டை எந்தக் காயிலும் தாங்காது. இரண்டு மாதத்தில் இரண்டு காயில் போனது இப்படித்தான்.

துடைப்பது என்றால் உலர்ந்த துணி, தேவைப்பட்டால் கொஞ்சம் தின்னர், அவ்வளவுதான். எமரி பேப்பர், அரம் எதுவும் வேண்டாம். 'ஈ' வடிவ காந்தத்தில் நடுக்கால் பக்கக் கால்களைவிட இம்மி அளவு குட்டையாக இருக்கும். அதை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். கரண்ட் நின்ற பிறகும் மிச்சக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளாமல் விடுபடுவதற்கு அந்த இடைவெளி வேண்டும். பக்கக் கால்களைத் தேய்த்து மூன்றையும் ஒரே மட்டமாக்கிவிட்டால், சிவப்புப் பொத்தானை அழுத்தியும் காண்டாக்டர் விடாது, லேத் ஓடிக்கொண்டே இருக்கும். உறுமலைவிட அது பெரிய ஆபத்து. எண்ணெய் போடுவதும் இதே மாதிரி ஒட்டவைக்கும்.

இந்தப் பட்டறையில் துடைத்ததும் சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. காந்தத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பக்கக் கால்களின் முகத்தில் பதித்திருக்கும் செம்பு வளையங்களில் ஒன்றில், மூலையில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். 50 சைக்கிள் சப்ளையில் காந்தத்தின் பிடி நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு இறங்கி ஏறும். இந்தச் செம்பு வளையம் முகத்தின் ஒரு பகுதியில் காந்தப் பாய்வைச் சற்றுத் தாமதப்படுத்துவதால், ஒரு பகுதி விடும்போது இன்னொரு பகுதி பிடித்திருக்கும். வளையம் அறுந்தால் அந்த உதவி போய்விடும், காந்தத்தின் அசையும் பாதியான ஆர்மேச்சர் ஒவ்வொரு முறையும் துள்ளும். இதற்குப் புதுக் காயில் எதுவும் செய்ய முடியாது. விரிசலை ஈயம் வைத்து ஒட்டுபவர்களும் உண்டு. அந்த அதிர்விலும் சூட்டிலும் அது நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்போது காயில் மட்டும் மாற்றுவது எப்போது சரி? காந்த முகம் சுத்தம், வளையங்கள் முழுசு, மெயின் காண்டாக்ட்டுகளில் வெள்ளி இன்னும் கெட்டியாக இருக்கிறது, காயில் மட்டும் கருகியிருக்கிறது, கருகிய காரணமும் தெரிந்து சரிசெய்தாகிவிட்டது. இத்தனையும் ஒத்துவந்தால் காயில்தான் மலிவான, சரியான வழி. அதே மாடலுக்கான காயில், அதே வோல்டேஜ். 230 வோல்ட் காயிலை 415-ல் போட்டால் சீக்கிரமே புகை. 415 காயிலை 230-ல் போட்டால் ஒழுங்காக இழுக்காமல் உறுமும். கழற்றும்போது காந்தப் பாதிகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று குறி வைத்துக்கொண்டு அப்படியே திரும்ப வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த முகங்கள் ஒன்றுக்கொன்று பழகித் தேய்ந்தவை. மாட்டியதும் ஆர்மேச்சரை விரலால் அழுத்தினால் உரசாமல் போய் ஸ்பிரிங்கில் திரும்ப வேண்டும். மோட்டார் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் காண்டாக்டரை மட்டும் போட்டுக் கேளுங்கள்.

ரீவைண்டிங் கடையில் கட்டித் தரும் காயிலும் கிடைக்கும். பழைய பெரிய காண்டாக்டருக்குப் புதுக் காயில் கிடைக்காத நேரத்தில் அதுவே கதி, நல்ல கைக்காரர் கட்டினால் ஓடும். சின்னக் காயிலுக்கு நான் போவதில்லை. சுற்று குறைந்தால் கரண்ட் கூடிச் சூடாகும், கூடினால் இழுப்பு வலுவிழந்து மறுபடி உறுமல். கம்பியைச் சுற்றும் கூடான பாபின் சூட்டில் கோணியிருந்தால் அதில் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் ஆர்மேச்சர் உரசும்.

முழு காண்டாக்டர் பக்கம் நான் சாய்வது வளையம் அறுந்தால், பாபினோ கூடோ உருகியிருந்தால், மெயின் காண்டாக்ட்டுகள் குழி விழுந்திருந்தால். விலையிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: காயில் விலை புது காண்டாக்டரில் பாதியைத் தாண்டினால் யோசிப்பதில்லை. வாங்கும்போது காயில் வோல்டேஜோடு, பழைய ஓவர்லோட் ரிலே அதில் நேராக உட்காருமா என்றும் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ரிலேயும் சேர்ந்து செலவு.

லேத் பட்டறையில் அதே மாடல் காண்டாக்டரே கிடைத்தது. ரிலேயை மாற்றவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் மோட்டார் ஓசை மட்டும். அவர் வாங்கி வந்த மூன்றாவது காயில் உறை பிரிக்காமல் பெட்டி மேலேயே இருந்தது. மாடல் ஒன்றுதான் என்பதால் திருப்பிக் கொடுக்க வேண்டாம், ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.