வாட்ஸ்அப் ஃபோட்டோவை நம்பி சிம்னி வாங்கி ஏமாந்தேன்

மதுரை விளாங்குடியில் எங்களுடையது சின்ன ஃபிளாட். அடுப்படிக்கு ஒரே ஜன்னல்தான். மிளகாய் வறுத்தால் வாசல் வரைக்கும் எல்லாரும் தும்முவார்கள். அதனால் போன தீபாவளிக்கு முன்னால் டவுனில் ஒரு கடையில் சிம்னி கேட்டேன். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபோட்டோ அனுப்பினார். வளைந்த கண்ணாடி, கறுப்பு உடம்பு, பார்க்க அம்சமாக இருந்தது. "1200 சக்ஷன், இதுதாம்மா இப்ப எல்லாரும் வாங்குறாங்க" என்றார். 13,500 ரூபாய் கொடுத்தேன். அவர்கள் ஆளே வந்து மாட்டிவிட்டுப் போனார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுத்தபோதே தெரிந்துவிட்டது. சத்தம் காதைப் பிளக்கிறது, புகை மட்டும் அடுப்பு மேலேயே சுற்றுகிறது. போன் செய்தால் "கொஞ்ச நாள் ஓடட்டும், செட் ஆயிடும்" என்கிறார்கள். மோட்டார் ஓட ஓட அதன் இழுவை அதிகமாகாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

என் தங்கச்சி மகன் ஏ.சி. மெக்கானிக். வந்தவன் முதலில் அந்த ஃபோட்டோவைக் கேட்டான். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது அந்த மெஷினே இல்ல" என்றான். ஃபோட்டோவில் சிம்னிக்குக் கீழே நாலு பர்னர் அடுப்பு இருந்தது. சிம்னி அதையும் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டிருந்தது. அப்படியென்றால் அது 90 சென்டிமீட்டர் அகலம். எங்கள் வீட்டில் மாட்டியது 60. அடுத்து, ஃபோட்டோவில் அடிப்பக்கம் பட்டை பட்டையாகத் தகடு தெரிகிறது, அது பேஃபிள் ஃபில்டர். எங்களுடையதில் இருப்பது அலுமினிய வலை. வலையில் எண்ணெய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி கழற்றிக் கழுவாவிட்டால் காற்றே போகாது. எனக்கு இரண்டுமே ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடியாகத்தான் தெரிந்திருக்கிறது.

அப்புறம் வலையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தான். உள்சுவரில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். மாடல் எண், வாட், அதற்குக் கீழே 700 m³/hr. அதாவது மணிக்கு 700 கன மீட்டர் காற்றை இழுக்கும். கண்ணாடியில் ஒட்டியிருந்த "1200" வெறும் விளம்பரத் தாள்தான். ஒரே கண்ணாடிக்குள் வேறு வேறு மோட்டார் வைத்து விற்பார்களாம். வெளித்தோற்றத்தை வைத்து இழுவையைச் சொல்லவே முடியாது.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். "உங்க அடுப்படிக்கு 700 போதும் பெரியம்மா" என்று கணக்குப் போட்டுக் காட்டினான். நீளம் 8 அடி, அகலம் 7, உயரம் 10. பெருக்கினால் 560 கன அடி. 35-ஆல் வகுத்தால் 16 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்குப் பதினைந்து முறை மாற வேண்டும் என்று வைத்தால் 240. ஸ்டிக்கரில் போடும் எண் குழாய் மாட்டாமல் அளந்தது. குழாய் மாட்டினால் குறையும், நம் வீட்டில் தாளிப்பும் வறுவலும் வேறு. அதனால் இரண்டு மடங்காக, சுமார் 500 என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்படிக்குக் கதவில்லாமல் ஹாலோடு சேர்ந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பத்தாது.

அப்படியென்றால் புகை ஏன் போகவில்லை? அவன் ஸ்டூல் போட்டு மேலே ஏறிப் பார்த்தான். சிம்னியின் வாய் 6 அங்குலம். சுவரில் பழைய ஓட்டை 4 அங்குலம். மாட்ட வந்தவர் புது ஓட்டை போடும் வேலைக்குச் சோம்பி, நடுவில் ஒரு குறுக்கும் வளையத்தைச் சொருகி, அலுமினியக் குழாயை இரண்டு இடத்தில் மடக்கித் திணித்திருக்கிறார். 4 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 6 அங்குலத்தில் பாதிகூட இல்லை. காற்று அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, சத்தமும் அதனால்தான். இந்த ஓட்டையில் உண்மையான 1200 மெஷினை மாட்டியிருந்தாலும் சத்தம்தான் கூடியிருக்கும்.

கடைக்குப் போனேன். பில்லில் "சிம்னி 60" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, மாடல் எண் இல்லை. "நீங்க கேட்டதைத்தானே கொடுத்தோம்" என்று முடித்துவிட்டார்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் ஃபில்டரைக் கழற்றி உள் ஸ்டிக்கரையும், மேலிருந்து குழாய் வாயையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த மாடல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நான் அப்படி எழுதி வாங்கவில்லை, அதனால் சண்டை போடவும் கையில் ஒன்றும் இல்லை. அந்த வாட்ஸ்அப் ஃபோட்டோ ஒன்றுதான் இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் கொத்தனாரை வைத்துச் சுவரில் 6 அங்குலத்துக்கு ஓட்டையைப் பெரிதாக்கி, குழாயை ஒரே வளைவில் நேராக வெளியே விட்டோம். அடுப்பு ஓரத்தில் ஊதுபத்தி கொளுத்தி வைத்துப் பார்த்தேன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்ததும் புகை நேராக மேலே ஏறி உள்ளே போகிறது. ஜன்னலையும் கதவையும் முழுக்கச் சாத்தினால் தயங்குகிறது, உள்ளே வரக் காற்று வேண்டும் அல்லவா. நேற்று மிளகாய் வறுத்தேன், ஹாலில் யாரும் தும்மவில்லை.