மூளைச்சாவா, கோமாவா?

ரெண்டிலும் ஆள் கண் மூடித்தான் கிடக்கிறார், நெஞ்சும் ஏறி இறங்குகிறது, அப்புறம் எப்படிப் பிரிக்கிறார்கள்?

கண்ணில் டார்ச் அடித்தால்: கோமாவில் பெரும்பாலும் கண்மணி சுருங்கும். மூளைச்சாவில் அசையாது.

காதில் 50 மில்லி ஐஸ் தண்ணீர் விட்டால்: மூச்சையும் கண்ணசைவையும் நடத்தும் அடிமூளைப் பகுதியான மூளைத்தண்டு உயிரோடிருக்கும் கோமாவில் கண்கள் அந்தப் பக்கம் மெல்லத் திரும்பும். மூளைச்சாவில் திரும்பாது.

மூச்சு: இதுதான் கடைசிச் சோதனை. முதலில் சுத்த ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் ஓடவிட்டு, 8-10 நிமிடம் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்திலிருந்து 60-ஐத் தாண்டியும் ஒரு மூச்சுகூட வரவில்லையென்றால் மூளைச்சாவு. கோமாவில் பலர் அதற்குள் தானாக மூச்சு இழுத்துவிடுவார்கள்.

மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடப்பவர் கதை வேறு. அவர் கண் திறப்பார், தூங்கி விழிப்பார், பெரும்பாலும் தானே மூச்சு விடுவார்.

ஆனால் மயக்க மருந்து உடம்பில் மிச்சமிருந்தாலோ, உடல் சூடு ரொம்பக் குறைந்திருந்தாலோ கோமாவும் மூளைச்சாவு மாதிரியே தெரியலாம், அதனால் மருந்து இறங்கி, சூடு 36 டிகிரி செல்சியஸுக்காவது வராமல் சோதிக்கவே கூடாது. எதிர்ப்பக்கம், மூளைச்சாவிலும் கால் விரல் துடிக்கலாம். அது தண்டுவடத்தின் வேலை, மூளையுடையது அல்ல.