ஹட்டன் சேம்பருக்கு மூன்று கடிதங்கள்: எதற்குப் பதில் வரும்?

ஒரே பட்டதாரி, ஒரே சிரேஷ்ட சட்டத்தரணி, மூன்று வரைவுகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டமாணி முடித்து, சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையும் எழுதித் தேறிய ஒருவர், ஹட்டனில் மாவட்ட நீதிமன்றத்திலும் தொழில் நியாய மன்றிலும் தோன்றும் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம், அதாவது ஜூனியர்கள் 'சேர்' என்று அழைப்பவரிடம், அவருடைய அலுவலகமான சேம்பரில் ஜூனியராகச் சேர எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வரைவு சுயவிபரக் கோவையின் முகப்புக் கடிதம். "தங்களின் கீர்த்தியை அறிந்து..." என்று தொடங்கி, சாதாரண தரப் பெறுபேறு முதல் விவாதப் போட்டிக் கிண்ணம் வரை இரண்டு பக்கம் ஓடும். இரண்டாவது சிபாரிசு. தோட்டத் தொழிற்சங்கப் பொறுப்பாளர் ஒருவரின் கடிதத்தை மேலே வைத்து, கீழே நான்கு வரி. மூன்றாவதில் ஒரு பக்கக் கடிதமும், அதன் பின்னால் அவரே தயாரித்த ஒரு பக்க வேலை மாதிரியும் இருக்கும்.

மூன்றிலும் முதலில் பார்க்கப்படுவது எழுதியவரின் நிலை. பட்டம் மட்டும் இருந்தால் நீதிமன்றத்தில் எழுந்து நிற்க முடியாது. சட்டக் கல்லூரிப் பரீட்சை, ஆறு மாதப் பயிற்சி, அதன்பின் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம், எல்லாம் முடிந்தால்தான் சட்டத்தரணி. முதல் வரைவில் இது பட்டியலுக்குள் புதைந்து போகிறது. இரண்டாவதில் இல்லவே இல்லை. மூன்றாவதின் முதல் வரியே இப்படி இருக்கும்: "இறுதிப் பரீட்சை முடித்துள்ளேன், பயிற்சிக் காலத்தில் மூன்று மாதம் மீதி, சத்தியப்பிரமாணம் இன்னும் செய்யவில்லை." இதை வாசித்தவுடன், இவரை இப்போதே தவணை கேட்க அனுப்பலாமா, வழக்கேடு பார்க்க மட்டும் அனுப்பலாமா என்று சேருக்குத் தெரிந்துவிடும். பிரமாணம் எடுக்குமுன் கையெழுத்தின் கீழ் 'சட்டத்தரணி' என்று போட்டவரின் கடிதம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இது சின்னப் பிழை இல்லை.

அடுத்தது மொழி. மலையகத்தில் இதுதான் கடிதத்தின் உயிர்நாடி. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு சிங்களத்தில். தொழிலாளி தமிழில் சாட்சி சொல்வார், மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்வார், பதிவில் ஏறுவது அந்தச் சிங்களம். "சிங்களம் சரளம்" என்று முதல் வரைவு சொல்வதை யாரும் நம்புவதில்லை. எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். ஒரு பழைய சாட்சியப் பிரதியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். மூன்றாவது வரைவு பிரித்துச் சொல்கிறது: "வழக்கேட்டை வேகமாக வாசிப்பேன், சாட்சி பேசும்போதே குறிப்பெடுப்பேன், சிங்களத்தில் வரைவதற்கு இன்னும் திருத்தம் தேவைப்படும்." குறையை ஒப்புக்கொண்டதால்தான் மற்ற இரண்டும் நம்பும்படி இருக்கின்றன.

தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால் இங்கே இன்னொரு அனுகூலமும் உண்டு. "அன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று சாட்சி சொல்லும்போது, அரை நாள் சம்பளமே கணக்கில் விழுந்தது என்பது தோட்டம் தெரிந்தவருக்குப் புரியும். மொழிபெயர்ப்பில் அது "பெயரைப் பாதி எழுதினார்கள்" என்று போய்விட்டால் சம்பளத் தகராறின் சாரமே பதிவில் இருக்காது. அந்த இடத்தில் சேரின் காதில் மெல்லச் சொல்லக்கூடிய ஜூனியர் என்றால் அவருக்குக் கசக்குமா? இந்த ஒரு உதாரணத்தைக் கடிதத்தில் இரண்டு வரியில் எழுதலாம். விவாதக் கிண்ணத்தைவிட எடை கூடியது.

இனி வேலை மாதிரி. பெரிய ஆய்வுக் கட்டுரையின் பிரதியை வைப்பதில் பயனில்லை, யாரும் புரட்டமாட்டார்கள். கற்பனையான ஒரு வேலைநீக்க வழக்குக்குத் தேதிவாரிக் குறிப்பு போதும். உதாரணமாக: நாள் சம்பளத் தொழிலாளி, 2006 பெப்ரவரி சேர்ந்தார், 2025 மார்ச் 10 வேலைநீக்கம். தொழில் நியாய மன்றுக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். செப்டம்பர் 22இல் கொடுத்திருந்தால் காலம் கடந்துவிட்டது. இந்த ஒரு வரி முதலில் இருக்க வேண்டும், ஏனெனில் எதிர்த்தரப்பு முதலில் எடுப்பதும் இதைத்தான். அடுத்து பணிக்கொடை: 1983இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், மற்றவருக்கு 14 நாள் சம்பளம். பூர்த்தியான சேவை 19 ஆண்டு, ஆகவே 266 நாள் சம்பளம், கடைசியாகப் பெற்ற விகிதத்தில். இவரை அரை மாதக் கணக்கில் போட்டிருந்தால் தொகை தவறும், எழுதியவர் சம்பளச் சீட்டைப் பார்க்கவில்லை என்பதும் தெரியும். கடைசியில், வேலைநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கூற்று ஆகியவற்றில் எது கையில் இருக்கிறது, எதைத் தேட வேண்டும் என்று மூன்று வரி.

பயிற்சி பெற்ற அலுவலகத்துக் கோவையில் இருந்து ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து இணைக்கவே கூடாது. பெயரை மையால் அழித்திருந்தாலும் தோட்டத்தின் பெயரும் தேதியும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஹட்டன் சின்ன ஊர். ஒருவரின் இரகசியத்தை இங்கே கொண்டுவந்தவர் நாளை நம்முடையதை வேறெங்கே கொண்டுபோவார் என்றுதான் சேர் நினைப்பார்.

சிபாரிசுக் கடிதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. மலையகத்தில் கதவு திறப்பது பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சேர் தோட்டக் கம்பனிக்கும் தோன்றுபவராக இருந்தால், மறுபக்கத்துச் சங்கத்தின் கடிதத்தோடு வரும் ஜூனியரிடம் கோவைகளைக் கொடுக்கத் தயங்குவார். முகத்துக்கு நேரே மறுக்கவும் மாட்டார். ஒரு நாற்காலி கிடைக்கும், வேலை கிடைக்காது. ஆகவே சங்கக்காரரின் பெயரை அவர் அனுமதியோடு, விசாரிக்கத்தக்கவர் என்று கடிதத்தின் அடியில் மட்டும் போடுவது மேல். இதோடு இன்னொரு வரியும் தேவை. அப்பாவோ அம்மாவோ வேலை செய்யும் தோட்டத்தின் கம்பனிக்கு எதிராகவோ சார்பாகவோ சேரிடம் வழக்கு இருக்கக்கூடும். "என் பெற்றோர் இன்ன தோட்டத்தில் வேலை செய்கிறார்கள், அது சம்பந்தமான கோவைகளில் இருந்து விலகி நிற்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு தெரியவந்தால் மறைத்ததாகவே படும்.

முதல் வரைவு வெல்லும் இடமும் உண்டு: கொழும்பில் பல பங்காளிகள் நடத்தும் நிறுவனங்கள் பெறுபேறுகளை வைத்தே முதலில் சலிக்கும். கண்டியில் தனியாளாக நடத்தும் சேம்பர் என்றால் மூன்றாவதே சரி, சுயவிபரம் அதன் பின்னால் ஒரு பக்கமாகப் போகலாம். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், வேலை மாதிரி சிங்களத்தில். திருத்தம் தேவைப்படும் சிங்களமாக இருந்தாலும் அது சொந்தச் சிங்களமாக இருக்க வேண்டும். வேறொருவரிடம் எழுதி வாங்கியது நேரில் பேசும்போது மாட்டிக்கொள்ளும்.

சம்பளத்தைக் கடிதத்தில் கேட்பதைவிட முதல் சந்திப்பில் கேட்பது நல்லது. ஆனால் மஸ்கெலியாவில் இருந்து தினமும் பஸ்ஸில் வர வேண்டும், சனிக்கிழமை டியூஷன் வகுப்பு எடுக்கிறேன் என்பது போன்ற கட்டுப்பாடுகளை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

கொடுக்கும் நேரமும் கவனிக்க வேண்டியது. காலையில் வழக்குக்கு ஓடும் மனிதரின் கையில் திணித்தால் அது கோட் பையிலேயே கிடக்கும். மாலையில் சேம்பருக்குப் போய், கிளார்க்கிடம் பெயர் சொல்லிக் கொடுத்து, சேர் எந்த நாளில் ஊரில் இருப்பார் என்று கேட்டுவிட்டு வர வேண்டும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் திரும்பிப் போவது அதே கிளார்க்கிடம்தான்.